தெரிந்ததையே கேட்கிற வீடு

பிள்ளையார்பாளையம்,
18-1-1967

பிரியமுள்ள தம்பி துரைக்கண்ணுவுக்கு, அக்கா பெரியநாயகி எழுதிக்கொண்டது.

இங்கே நான், உன் மாமா, வள்ளி மூவரும் சௌக்கியம். நீயும் அலமேலுவும் குழந்தை ரேணுவும் மாயவரத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பரவாயில்லை, வாத்தியாருக்கு ஆயிரம் வேலை.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். போன வாரம் வள்ளியின் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் உன் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "பொண்ணு மந்தம். வாயே திறக்க மாட்டேங்குது. இந்த வருஷம் பாஸ் போடுறது கஷ்டம். தறியில ஒக்கார வச்சிடு கலியா, அதுக்கும் நல்லது உனக்கும் நல்லது" என்றாராம். உன் மாமா "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். என்னிடம் சொல்லும்போது முகத்தைத் தறிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு ஆள் வேண்டும் என்பது உனக்கு மறந்திருக்காது. இந்தப் பக்கம் நெய்கிறவர், அந்தப் பக்கம் கரைக்கான நூல் நாடாவைத் தள்ள ஒருவர். இப்போது வள்ளிதான் காலையிலும் சாயங்காலமும் தள்ளுகிறாள். ஃபெயில் ஆனால் முழு நாளும் அவள்தான் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். ஜூன் வரைக்கும் எனக்குத் தவணை.

உன் ரேணுவுக்கும் இவளுக்கும் ஒரே வயது. நவராத்திரிக்கு வந்தபோது ரேணு பேசின பேச்சை இந்தத் தெருவே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீ முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்திலேயே கிடக்கிறாய், படித்தது பாதி, படிக்க வைத்தது பாதி. உள்ளதைச் சொல். என் பெண் மக்கா?

உடம்பைப் பார்த்துக்கொள். உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அக்கா


மாயவரம்,
27-1-1967

அன்புள்ள அக்காவுக்குத் துரைக்கண்ணு வணக்கமாய் எழுதுவது. எல்லோரும் நலம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வள்ளிக்கு என் ஆசிகள்.

உன் கடிதம் படித்து வருத்தப்பட்டேன். ஆனால் ஆசிரியன் என்ற முறையில் சில உண்மைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினைந்து வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சில பிள்ளைகளுக்கு அறிவு கூடவே பிறந்துவிடுகிறது. ரேணுவையே எடுத்துக்கொள். வீட்டில் நாங்கள் யாரும் அவளுக்குப் பாடம் சொல்லித் தருவதில்லை. ட்யூஷன் கிடையாது. தானாகவே வருகிறது. நானும் அப்படித்தானே? நெசவாளி வீட்டிலிருந்து சொந்த மூளையால் மேலே வந்தவன்தானே?

எல்லாப் பிள்ளைகளும் படிப்புக்கென்று பிறப்பதில்லை. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. நெசவும் கைத்திறன்தான். நீ மனதை வருத்திக்கொள்ளாதே.

அலமேலு விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புத் தம்பி,
துரைக்கண்ணு


பிள்ளையார்பாளையம்,
2-3-1967

தம்பி துரைக்கண்ணுவுக்கு அக்கா எழுதுவது. யாவரும் சுகம். மாமாவுக்கு முழங்கால் தேவலை.

உடனே பதில் போடாததற்குத் தேர்தல் காரணம், பள்ளிக்கூடம் லீவு காரணம் என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு? கோபம்தான் காரணம். கைத்திறன் என்று எனக்கா சொல்கிறாய்? உன் கையில் நாடா ஓடி எத்தனை வருஷம் ஆகிறது?

கோபம் ஆறினதும் வள்ளியை உட்கார வைத்துக் கேட்டேன், வகுப்பில் என்னதான் நடந்தது என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வாத்தியார் மேஜைமேல் இருந்த துணியைத் தொட்டு, "இது என்ன நிறம்?" என்று கேட்டாராம். இவள் பேசாமல் நின்றாள். மறுபடி கேட்டார். இவள், "உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றாள். வகுப்பே சிரித்ததாம். அவர் அடிக்கக் கையை ஓங்கவும் இவள் பயந்துபோய், "அரக்கு இல்ல சார், மொளகாப்பழச் செவப்பும் இல்ல, சாயம் நிக்காம போன மாதிரி இருக்குது" என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு வேண்டியது சிவப்பு என்கிற ஒரு சொல். பிரம்படி இரண்டு விழுந்தது. அன்றிலிருந்து இவள் வாயைத் திறப்பதில்லை.

"ஏண்டி பேசாம நின்னே?" என்றேன். "அவருக்குத் தெரிஞ்சதை எதுக்கும்மா என்னைக் கேக்குறாரு? எதுனா தப்பு பண்ணிட்டேனோன்னு பயமா இருந்துச்சி" என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன் தம்பி. நம் வீட்டில் யாரும் தெரிந்ததைக் கேட்பதில்லை. "அந்தப் பக்கம் இழை அறுந்துச்சா?" என்று மாமா கேட்டால் அவருக்கு நிஜமாகவே தெரியாது, அதனால் கேட்கிறார். தெரிந்துகொண்டே கேட்டால் அது குற்றம் கண்டுபிடிக்கக் கேட்பது. குழந்தை அப்படித்தானே நினைக்கும்?

எனக்கு ஒரு உதவி செய். உன் வீட்டில் ரேணுவுக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை என்றாயே. ஒரு நாள், காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, உன் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு. உன் அறிவுரை வேண்டாம். நடந்தது மட்டும் போதும்.

அலமேலுவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

அக்கா


மாயவரம்,
14-3-1967

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நலம் அறிய ஆவல்.

நீ கேட்டது வேடிக்கையாக இருந்தது. இருந்தாலும் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை என்று நீயே பார்த்துக்கொள்.

காலை ஆறரை. ரேணு எழுந்து வந்தாள். அலமேலு தோசை வார்த்துக்கொண்டே, "தட்டுல எத்தனை தோசை இருக்கு சொல்லு? அப்பாவுக்கு ரெண்டு போனா மிச்சம் எவ்வளவு?" என்றாள். ஏழு மணிக்குப் பேப்பர் வந்தது. நான் தலைப்பை வாசித்தேன். ரேணு குறுக்கே புகுந்து, "மந்திரிசபைன்னா என்னப்பா?" என்றாள். சொன்னேன். "நீயா இருந்தா யாரை மந்திரியா வைப்பே, ஏன்?" என்று கேட்டேன். பத்து நிமிஷம் பேசினாள். தப்பாகச் சொன்னாலும் நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்டோம்.

பத்து மணிக்கு அலமேலு வயலட் ரிப்பனைக் காட்டி, "இது என்ன கலர்?" என்றாள். பதினொரு மணிக்கு "நம்ம ஊர்ல ஓடுற ஆறு எது? எங்கேருந்து வருது?" மத்தியானம் ரேணு முந்தின நாள் படித்த கதையைச் சொன்னாள். "வந்து சொல்லிச்சு" என்றவளை அலமேலு "வந்து சொன்னது" என்று திருத்தினாள். சாயங்காலம் என் மாமனார் வந்தார். அவர் முன்பு ஸ்கூல் இன்ஸ்பெக்டராக இருந்தவர் என்று உனக்குத் தெரியும். பேத்தியை நிற்க வைத்து ஒரு செய்யுள் சொல்லச் சொன்னார். சொன்னாள். கை தட்டினார். அலமாரியிலிருந்து படப் புத்தகம் எடுத்துக்கொண்டு படுக்கப் போனாள்.

இவ்வளவுதான் அக்கா. பாடப் புத்தகத்தை யாரும் தொடவே இல்லை.

இதை எழுதிவிட்டு ஒருமுறை வாசித்தேன். அப்படியே உறையில் போடுகிறேன்.

துரைக்கண்ணு


பிள்ளையார்பாளையம்,
25-3-1967

பிரியமுள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். வெயில் இப்போதே தொடங்கிவிட்டது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ரேணுவிடம் மத்தியானத்துக்குள் கேட்ட கேள்விகளை விரல்விட்டு எண்ணினேன், ஒரு கை விரல் போதவில்லை. மந்திரிக் கேள்வி தவிர அத்தனையும் உங்களுக்கு விடை தெரிந்த கேள்வி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்பதும் அதே கேள்விதான், அதே மாதிரிதான். ரேணுவுக்கு வகுப்பறை இன்னொரு கூடம். என் பெண்ணுக்கு அது வேற்று ஊர், பாஷை தெரியாத ஊர். உன் பெண் புத்திசாலி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரும் சொல்லித் தரவில்லை என்று மட்டும் இனி சொல்லாதே. மூச்சு விடுவது மாதிரி விடாமல் சொல்லித் தருகிறீர்கள், அதனால்தான் உங்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

சொந்த மூளை என்று எழுதினாயே, அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். ரிஷபதாஸ் நயினார் வீடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில், முன்பக்கம் நெல் மூட்டை அடுக்கியிருக்கும். அவர் மகன் அபிநந்தனுக்குத் தனியாகப் பள்ளிக்கூடம் போகப் பயம். துணைக்கு ஒரு பையன் வேண்டும் என்று நயினார் நம் அப்பாவிடம் கேட்டார். நீ போனாய். உனக்கு அப்போது ஆறு வயது.

அவர்கள் ஜைனர்கள், சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அப்புறம் நயினார் சாஸ்திரப் புத்தகத்தைப் பலகைமேல் விரித்து வாசிப்பார். வாசித்துவிட்டு, "அபிநந்தா, துரை, இப்ப நீங்க சொல்லுங்க, ராஜா ஏன் நாட்டை விட்டான்?" என்பார். அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்பார். நீ முதலில் முழித்தாய். அப்புறம் அபிநந்தன் சொல்வதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாய். நான்கு வருஷத்தில் உன் பேச்சே மாறிப்போனது. "வந்துக்கினு" போய் "வந்துகொண்டு" வந்தது. அம்மா உன்னைச் சின்ன நயினார் என்று கேலி செய்வாள், உனக்கு மூக்குமேல் கோபம் வரும்.

உன்னைக் கூட்டிப்போக வருகிறவள் நான்தான். கிணற்றடியில் நின்றுகொண்டு கேட்பேன். அபிநந்தனின் அம்மா ரத்னமாலா அம்மாள் சில நாள் வெல்லம் போட்ட பொரி தருவாள். நெல்லு வாசனையும் பழைய புத்தக வாசனையும் கலந்து வரும். அந்த நேரத்தைப் போல இன்னொரு நேரம் என் வாழ்க்கையில் வரவில்லை தம்பி. வழி நெடுக நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ராஜா கதையை மறுபடி சொல்வாய். நீ விட்டதை நான் எடுத்துக் கொடுப்பேன். அந்த ராஜா ஏன் நாட்டை விட்டான் என்று எனக்கும் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால் அங்கே நீ மூளையோடு போனாய், வேறு ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தாய்.

பதில் போடு.

அக்கா


பிள்ளையார்பாளையம்,
2-5-1967

தம்பிக்கு ஆசி. நலம்தானே?

ஐந்து வாரம் ஆகிறது, ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார். கோபமா? கோபம் என்றாலும் கோபம் என்று எழுது.

வள்ளி பரீட்சை எழுதிவிட்டாள். கணக்கு நன்றாகச் செய்ததாகச் சொல்கிறாள். அது எனக்கு ஆச்சரியம் இல்லை, கரைப் பூவுக்கு இழை எண்ணுகிறவள். ஆனால் வாத்தியார் வாய்மொழிக்குத் தனியாக மார்க் போடுகிறாராம். ஜூன் முதல் தேதி பட்டியல் ஒட்டுவார்கள். உன் மாமா தறிக்குழியை அவள் உயரத்துக்கு ஏற்ற மாதிரி மேடாக்க மண் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். தினமும் அந்த மண்ணைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீர் எடுக்கப் போகிறேன்.

அக்கா


மாயவரம்,
9-5-1967

அன்புள்ள அக்காவுக்கு, அனைவரும் நலம். என் மௌனத்தை மன்னித்துவிடு. கோபம் இல்லை. எழுத வெட்கமாக இருந்தது.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஜூனிலும் ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளை ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் என்று பிரிக்கிற பொறுப்பு என்னுடையது. ஏழு வருடமாகச் செய்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம். இது என்ன, அது எங்கே, உனக்குப் பிடித்த கதை எது. பயப்படாமல், முழு வாக்கியமாக, நல்ல தமிழில் பதில் சொன்னால் ஏ. ஏ-வுக்கு அனுபவமுள்ள ஆசிரியர்கள். பி-க்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள்.

உன் கடிதம் வந்த மறுநாள் பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். பி பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "வாய் திறக்கவில்லை", "பேச்சு கொச்சை", "மந்தம்". பக்கத்துப் பத்தியில் அப்பா தொழில்: வண்டிக்காரர், குயவர், கூலி, கூலி, நெசவு. ஏ பக்கத்தில் குமாஸ்தா, வக்கீல், ஆசிரியர், தாசில்தார் ஆபீஸ். அந்தப் பத்தியை நான் ஏழு வருடமும் படித்தே பார்த்ததில்லை. நான் அளந்தது அறிவை என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதைத்தான் அளந்திருக்கிறேன். அளந்துவிட்டு, அது பிறவியிலேயே வந்தது என்று பெயரும் வைத்துவிட்டேன். இதில் கொடுமை என்னவென்றால், பி-யில் போட்ட பிள்ளைகள் அதை நம்பிவிடுகிறார்கள். அவர்கள் அப்பாக்களும் நம்பிவிடுகிறார்கள், நம் மாமா நம்பின மாதிரி.

அந்தக் கிணற்றடியில் நீ நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது அக்கா. நான் விட்ட இடத்தை நீ எடுத்துக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு நாள் அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்திருந்தேன்.

மாமா தறிக்குழியில் மண் நிரப்ப வேண்டாம். 29-ம் தேதி நான் வருகிறேன். வள்ளியின் வாத்தியாரை நானே பார்க்கிறேன்.

துரை


பிள்ளையார்பாளையம்,
20-6-1967

பிரியமுள்ள தம்பி துரைக்கு அக்கா எழுதுவது. நீ ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். வள்ளி ஆறாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டு திரிகிறாள். உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் அன்று பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் உனக்குத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். உனக்கு அது பழக்கம், நீ கவனித்திருக்க மாட்டாய். மாமா செருப்பை வாசலில் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றார். நீ நேராக உள்ளே போனாய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "வணக்கம் ஐயா, நான் மாயவரத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், வள்ளியின் தாய்மாமன். இந்தக் குழந்தையின் கணக்கு நோட்டைப் பார்க்க விரும்புகிறேன்" என்றாய். வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். "அடடே, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா சார்? கணக்குல நல்ல மார்க்தான் வாங்கியிருக்கா" என்று நோட்டைத் தேடி எடுத்தார். வள்ளியை ஒரு கேள்வி கேட்கவில்லை. வள்ளி உள்ளேயே வரவில்லை. பாஸ் ஆனது நீ, தம்பி.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஏன் அழுகிறேன் என்று நீ கேட்டாய், வெயில் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. அதே வகுப்பில் பூவம்மாள் என்று ஒரு பெண், எதிர்வீட்டுக் கோதண்டபாணியின் மகள். அவளுக்கும் "மந்தம்" என்றுதான் எழுதியிருந்தது. நீ வந்துபோன மறுநாள் அவள் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "உன் தம்பிய ஒரு தபா கூட்டினு வாயேன்கா, எங்களுக்காவ பேசட்டும்" என்றாள். நீ ரயில் ஏறிவிட்டாய். அதனால் நானே கிளம்பினேன். நீ பேசின வார்த்தை ஒன்றுவிடாமல் எனக்கு மனப்பாடம். உள்ளே போனேன். "வணக்கம் ஐயா, இந்தக் குழந்தையின் கணக்கு நோட்டைப் பார்க்க விரும்புகிறேன்" என்று நீ சொன்ன மாதிரியே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கலியன் பொண்டாட்டிதானே? அதான் உங்க பொண்ணு பாஸாயிட்டாளே, இன்னொருத்தி கதை உனக்கெதுக்கு? போய் வேலையைப் பாரும்மா" என்றார். நோட்டைத் தேடக்கூட இல்லை.

அதே வார்த்தை தம்பி. உன் வாயில் அது படித்தவர் கேட்டது. என் வாயில் அது அதிகப்பிரசங்கித்தனம்.

மாமாவுக்கு அந்தப் பக்கம் நாடா தள்ள ஆள் வேண்டுமே. இப்போது பூவம்மாள்தான் வருகிறாள். காலையில் வள்ளி பையை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது அவள் உள்ளே வருகிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. கெட்டிக்காரப் பெண். இழை எண்ணிக்கை ஒரு தரம் சொன்னால் போதும்.

உன் பள்ளியில் இந்த ஜூன் என்ன செய்தாய்? பட்டியல் எழுதினாயா? எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன். எழுது.

அக்கா


மாயவரம்,
8-7-1967

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் நலம். மாமாவுக்கும் வள்ளிக்கும் என் அன்பு.

கேட்டாய், சொல்கிறேன். இந்த வருடம் வாய்மொழிப் பரீட்சை வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் வாதாடினேன். பழைய பட்டியல்களைக் காட்டினேன். மூன்று நாள் பேசி ஒப்புக்கொண்டார். எண்பத்தாறு பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கினோம். ஏ-வில் வண்டிக்காரர் பிள்ளை வந்தான், குயவர் பெண் வந்தாள், கூலிக்காரர் பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண்ணின் அம்மா மகளுக்கு எதற்கு ஏ என்று பயந்துபோய், "தப்பா எழுதிட்டீங்களா சாமி?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். தப்பு இல்லை என்று உட்கார வைத்துச் சொன்னேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. உனக்கு உடனே எழுத நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

ரேணுவின் சீட்டு பி-யில் விழுந்திருந்தது.

வீட்டில் சொன்னேன். அலமேலு சண்டை ஒன்றும் போடவில்லை. மறுநாள் காலை நல்ல புடவை உடுத்திக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போனாள். பத்து நிமிஷம். தன் இன்ஸ்பெக்டர் அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட வரவில்லை என்றாள். இப்போது ரேணு ஏ-வில் இருக்கிறாள். இடம் சரி செய்ய ஏ-விலிருந்து ஒரு பிள்ளையை பி-க்கு மாற்றினார்கள். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

அலமேலு கிளம்பும்போது நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் அக்கா. கையில் பேப்பர் இருந்தது. எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை.

உன் தம்பி,
துரை